தினக்கணக்கைக் கூட்டி "84,000 பேர்" என்று பில் போடுகிறார்கள், கவனம்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் யூடியூப் சேனல்களுக்கு விளம்பரம் கொடுக்கிற கடைக்காரர்கள், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்களுடையது மாங்கன்று விற்கும் நாற்றுப்பண்ணை. உள்ளூர்ச் செய்தி போடும் ஒரு சேனலில், தினமும் வரும் வீடியோக்களின் தொடக்கத்தில் எங்கள் விளம்பரம் வர வேண்டும். 28 நாளுக்குப் பேச்சு, பார்க்கிற ஆளுக்கு 50 காசு. முடிவில் சேனல்காரர் ஒரு தாளை நீட்டினார். தேதி வாரியாக 'Unique viewers', அதாவது எத்தனை தனித்தனி ஆட்கள் பார்த்தார்கள் என்ற எண்கள், நாளுக்குச் சராசரி 3,000. மொத்தம் 84,000 பேர், 42,000 ரூபாய்.

தினசரி எண் ஒவ்வொன்றும் உண்மைதான். கூட்டியதில்தான் மோசடி. ஒரே ஆள் 28 நாளும் பார்த்தால், ஒவ்வொரு நாள் கணக்கிலும் ஒருமுறை வருவார். கூட்டும்போது அவரே 28 பேராகிவிடுகிறார். ஆளை எண்ண வேண்டுமென்றால் 28 நாளையும் ஒரே தேதி வரம்பாகத் தேர்ந்தெடுத்துப் பார்க்க வேண்டும். சேனல்காரரை எதிரில் உட்காரவைத்து, சேனலின் கணக்கைக் காட்டும் யூடியூப் ஸ்டுடியோ ஆப்பைத் திறக்கச் சொன்னேன். வரம்பை மாற்றியதும் வந்தது 14,000. பில் 7,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது.

அதே திரையில் வியூஸ் 1,26,000. ஆளுக்கு 9 முறை. இதில் தப்பு எதுவும் இல்லை. ஒருவர் ஒரே வீடியோவைத் திரும்பப் பார்த்தாலும், ஒரே நாளில் நாலு வீடியோ பார்த்தாலும் ஒவ்வொன்றும் தனி வியூ. ஷார்ட்ஸில் இன்னும் தாராளம்: 2025 மார்ச் 31 முதல், ஓடத் தொடங்கினாலே வியூ, மறுபடி ஓடினால் இன்னொன்று.

சந்தேகம் வந்தால், பார்த்தவர்களில் பழையவர் எத்தனை, புதியவர் எத்தனை என்ற கணக்கைக் கேளுங்கள். இங்கே ஒரு நாளின் 3,000 பேரில் 2,600 பேர் ஏற்கெனவே இந்தச் சேனலைப் பார்த்தவர்கள், புதியவர்கள் 400 தான். பெரும்பாலும் அதே கூட்டம் தினமும் வருகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஆனால் 'புதியவர்' என்ற எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. பார்த்த வரலாற்றை அழித்தவரும், ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் பக்கம் வராதவரும் புதியவராகவே பதிவாவார்கள். 'Unique viewers' என்பதே யூடியூப் போடும் மதிப்பீடுதான். ஒருவர் போனிலும் டிவியிலும் பார்ப்பது, ஒரே போனை வீட்டில் பலர் பார்ப்பது எல்லாவற்றையும் யோசித்துக் கணக்கிடுகிறார்கள். எனவே நூறு இருநூறு வித்தியாசத்துக்குச் சண்டை வேண்டாம். ஆறு மடங்கு வித்தியாசத்தை மதிப்பீட்டின் மேல் போட முடியாது.

முன்பணமாக வாங்கியது போக மிச்சத்தைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "பேப்பரில் பார்வையாளர் என்றுதானே போட்டிருக்கிறது" என்கிறார். அடுத்த ஒப்பந்தத்துக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "விளம்பரக் காலம் முழுவதையும் ஒரே தேதி வரம்பாக வைத்து, கடைக்காரர் முன்னால் திறந்து காட்டும் Unique viewers எண்ணுக்கு மட்டுமே பணம்."