புறக்கோட்டையிலிருந்து நேரே பார்சல் போடச் சொல்பவர்கள் கவனிக்க

கிண்ணியா வாடிக்கையாளர் ஒருவர் 8,900 ரூபாய்க்கு ஒரு பிளென்டர் ஓடர் செய்து முழுக் காசையும் கட்டினார். விற்றவர் இருப்பது திருகோணமலையில், பொருள் இருப்பது புறக்கோட்டை மொத்தக் கடையில். விற்றவர் அந்தக் கடைக்கு 6,200 ரூபாயை வங்கியில் போட்டுவிட்டு, "பில் வைக்காதீங்க அண்ணா, எங்கட பேர்ல அனுப்புங்க" என்று வட்ஸ்அப்பில் வொய்ஸ் போட்டார். "ஓகே தம்பி" என்று பதிலும் வந்தது.

பெட்டியைத் திறந்தால் மேலேயே 6,200 ரூபாய் பில், கடை முத்திரையும் போன் நம்பருமாக. அடுத்த பிளென்டரை அந்த வாடிக்கையாளர் நேரே கடைக்கு அழைத்தே வாங்கினார். கடையும் கூச்சமில்லாமல் கொடுத்தது. பில் போனதைக் கவனக்குறைவு என்று விடலாம், இதை விட முடியாது.

பில் ஏன் போனது? வொய்ஸ் கேட்டவர் கல்லாவில் இருப்பவர். பெட்டி கட்டும் பையன் கையில் கிடைப்பது பில் மெஷினில் வந்த தாள் மட்டும். அதைப் பார்த்துப் பொருளை எடுப்பான், அதையே பெட்டிக்குள் போட்டு டேப் ஒட்டுவான். ஆகவே "பில் வைக்க வேண்டாம், இணைத்துள்ள தாளை மட்டும் வைக்கவும்" என்ற வரி அந்தத் தாளிலேயே, குறிப்புப் பகுதியில் அச்சாக வேண்டும். ஒவ்வொரு ஓடருக்கும் அப்படிக் கேளுங்கள். பில் உங்கள் வட்ஸ்அப்புக்கு வந்தால் போதும்.

உள்ளே வைக்கும் தாளை நீங்களே PDF ஆக அனுப்புங்கள். உங்கள் கடைப் பெயர், ஓடர் நம்பர், பொருள், எண்ணிக்கை, பழுதென்றால் அழைக்க உங்கள் நம்பர். விலை வேண்டாம்.

பலர் தவறவிடுவது வெளியே ஒட்டும் கூரியர் லேபிளை. சப்ளையரின் கூரியர் கணக்கில் போட்டால் அனுப்புநர் இடத்தில் அவர் பெயரே அச்சாகலாம். உள்ளே எவ்வளவு மறைத்தும் பிரயோசனமில்லை. பொருள் கொடுத்துக் காசு வாங்கும் ஓடரென்றால், அந்தக் காசும் கணக்குக்காரருக்கே போகும். கூரியரில் உங்கள் பெயரில் கணக்குத் திறந்து, லேபிளை நீங்களே எடுத்து அனுப்புவதுதான் பாதுகாப்பு. ஆள் இல்லாமல் திரும்பும் பார்சல் எந்த முகவரிக்கு வரும் என்பதையும் அப்போதே பேசி வைக்க வேண்டும்.

வாரண்டி அட்டையில்தான் சிக்கல். சப்ளையரின் முத்திரை இல்லாவிட்டால் திருத்தித் தர மாட்டார்கள், முத்திரை இருந்தால் அவர் யாரென்று தெரிந்துவிடும். அட்டையை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, வாடிக்கையாளருக்கு உங்கள் முத்திரையோடு வேறொன்று கொடுக்கலாம். ஆனால் பழுது வந்தால் பொருளை வாங்கிப் புறக்கோட்டைக்கு அனுப்பும் அலைச்சலும் செலவும் உங்கள் தலையில்தான்.

புதுச் சப்ளையர் என்றால் முதல் ஓடரை உப்புவெளியிலோ நிலாவெளியிலோ உள்ள சொந்தக்காரர் முகவரிக்குப் போடுங்கள். கடைக்கு அதைச் சொல்ல வேண்டாம். பார்சல் வந்ததும் லேபிள், டேப், உள்தாள், அட்டை நாலையும் பாருங்கள். கடைப் பெயர் அச்சடித்த டேப் ஒட்டியிருந்தால் அதுவே போதும், ஆள் பிடிபடுவதற்கு.