மூண்டு வருசமா மணல் அரிச்சு எஃப்எம் பாத்துக் கொங்கிறீற் கலந்த அனுபவம்

மணல் எவ்வளவு பருமன், எவ்வளவு நைசு எண்டு காட்டுற நம்பர்தான் எஃப்எம், அதாவது ஃபைன்னஸ் மொடியூலஸ். அதைப் பாக்கிற அரிதட்டு செற் வாங்கி மூண்டு வருசம் முடிஞ்சுது. யாழ்ப்பாணத்தைச் சுத்தி வீட்டு வேலையள் எடுத்துச் செய்யிறன், கோப்பாய்ப் பக்கம் ஒரு மேல்மாடி வேலையில நடந்த ஒரு விசயத்துக்குப் பிறகுதான் ஒவ்வொரு லொறி மணலையும் அரிச்சுப் பாக்கத் தொடங்கினன், அதால அதையே விபரமாச் சொல்லுறன்.

அந்த வேலைக்கு முதல் வந்தது கிளிநொச்சிப் பக்கத்து ஆத்து மணல். கையில எடுத்தா நறநற எண்டு இருக்கும். அதை அரிச்சுப் பாத்துத்தான் கலவை முடிவெடுத்தனாங்கள், ஒரு பை சீமெந்துக்கு 120 கிலோ மணல், முக்கால் இஞ்சிக் கருங்கல் சல்லி 145 கிலோ, தண்ணி மணல்ல இருக்கிற ஈரத்தையும் சேத்து 27 லீற்றர். தூண், பீம் எல்லாம் இந்தக் கணக்கில வடிவா வந்தது. பிறகு சிலாப்புக்கு எண்டு வந்த லொறியில வடமராட்சி கிழக்குப் பக்கத்து மணல் வந்திட்டுது. குவியலைப் பாத்தா நல்ல வெள்ளை, துப்புரவு, நானும் யோசிக்காமல் விட்டிட்டன். மிக்சர் ஓடத் தொடங்கி ரெண்டாவது கலவையில மேசன் அண்ணை கூப்பிட்டார், "தம்பி, இந்த மணல் தண்ணி குடிக்குது, இறுகிப்போய் நிக்குது" எண்டு. அவர் சொல்லிக்கொண்டிருக்கவே பெடியன் வாளியால இன்னும் தண்ணி ஊத்திட்டான். பேந்து அளந்து பாத்தா பைக்கு 31 லீற்றர் போயிருக்கு. 50 கிலோ சீமெந்துக்கு 27 லீற்றர் எண்டா தண்ணி-சீமெந்து விகிதம் 0.54, 31 எண்டா 0.62, அந்த நாலு லீற்றர்தான் பலத்தைத் தின்னுறது. உடன மிக்சரை நிப்பாட்டச் சொன்னன்.

அரிச்சுப் பாக்க ஒரு மணித்தியாலம்கூட எடுக்காது. குவியல்ல மேல, நடு, அடி எண்டு நாலைஞ்சு இடத்தில அள்ளிக் கலந்து வட்டமாப் பரப்பி நாலாப் பிரிச்சு, எதிரெதிர் ரெண்டு பங்கை வச்சுக்கொண்டு மிச்சத்தைத் தள்ள வேணும், திரும்பவும் அப்பிடியே செய்து குறைக்க வேணும். தாச்சியில போட்டு வறுத்து ஈரம் போக்கி ஆறவிட்டு சரியா 500 கிராம் நிறுக்கிறது. ஈரத்தோட அரிச்சா மணல் கட்டிகட்டியா மேல் தட்டிலயே நிண்டிடும், எஃப்எம் பொய்யாக் கூடிக் காட்டும். தட்டுகளை 5, 2.36, 1.18, 0.6, 0.3, 0.15 மிமீ எண்டு மேலயிருந்து கீழ அடுக்கி, பத்து நிமிசமாவது முன்னும் பின்னும் சுத்தியும் ஆட்டிப்போட்டு ஒவ்வொண்டிலயும் நிண்டதை நிறுக்க வேணும்.

அண்டைக்கு வந்த மணல்ல மேலயிருந்து 0, 5, 20, 85, 215, 135 கிராம் நிண்டது, அடித்தட்டில 40. இதை மேலயிருந்து கூட்டிக்கொண்டு வந்து வீதமாக்கினா 0, 1, 5, 22, 65, 92. இந்த ஆறையும் கூட்டினா 185, நூறால பிரிச்சா 1.85, அதுதான் ஃபைன்னஸ் மொடியூலஸ். அடித்தட்டை இந்தக் கூட்டலுக்குள்ள சேக்கக் கூடாது, கனபேர் பிழைவிடுற இடம் இது. முதல் வந்த ஆத்து மணல் இதே கணக்கில 2.81. நம்பர் குறைஞ்சா மணல் நைசு, நைசு மணலுக்கு மேற்பரப்பு கூட, அதையெல்லாம் நனைக்கத்தான் அந்த மேலதிகத் தண்ணி போனது. கொங்கிறீற்றுக்கு 2.3க்கும் 3.1க்கும் இடையில இருக்க வேணும் எண்டு அமெரிக்க நியமம் ஏஎஸ்டிஎம் சி33 சொல்லுது, கலவை தீர்மானிச்ச மணல்ல இருந்து 0.2க்கு மேல மாறினா கலவையைத் திருத்த வேணும் எண்டும் அதிலயே இருக்கு. எங்கட மணல் ஒரே லொறியில கிட்டத்தட்ட 1 இறங்கியிருக்கு.

ஆத்து மணல் வளவில இன்னும் கிடந்தது, அதால ரெண்டையும் கலக்கிறது எண்டு முடிவெடுத்தன். ரெண்டு பங்கு ஆத்து மணல், ஒரு பங்கு நைசு மணல், எல்லாம் நிறையால. ரெண்டுதரம் 2.81, ஒருதரம் 1.85, கூட்டி மூண்டால பிரிச்சா 2.49. அதோட நிக்கேலாது, பழைய 2.81ஐ விட இது 0.3 அளவு குறைவுதானே. அமெரிக்கக் கொங்கிறீற் நிறுவனமான ஏசிஐயின்ர கலவை அட்டவணையில எஃப்எம் 0.2 குறைஞ்சா ஒரு கனமீற்றர் கொங்கிறீற்றில சல்லியின்ர இறுக்கின கனவளவை 0.02 கனமீற்றர் கூட்டலாம் எண்டு இருக்கு, 0.3க்கு 0.03. சல்லி கனமீற்றருக்கு 1600 கிலோ எண்டு எடுத்தா 48 கிலோ, கனமீற்றருக்கு ஏறக்குறைய ஏழு பை சீமெந்து போறதால பைக்கு 7 கிலோ. ஆக சல்லி 145ல இருந்து 152, மணல் 120ல இருந்து 113, அதில 75 கிலோ ஆத்து மணல், 38 கிலோ நைசு மணல். தண்ணி பழைய 27தான். மேசன் அண்ணை அகப்பையால தட்டிப் பாத்திட்டு "இப்ப பால் மேல வருது" எண்டார், சிலாப் முழுக்க அதிலதான் போட்டது. சல்லிக்கிடையில ஓட்டை விழேல்ல, மேல தண்ணி மிதக்கவும் இல்லை. முதல் போட்ட ரெண்டு கலவையையும் கிளறி எடுத்து வெளிப்பாதைக்குப் போட்டன், வீட்டுக்காரருக்கும் காரணத்தைச் சொன்னன்.

நைசு மணலை மட்டும் வச்சு அளவை இறக்கியிருக்கலாமே எண்டு கேப்பியள். அந்த அட்டவணை 2.4ஓட முடியுது, 1.85க்கு அதை இழுத்து நீட்ட எனக்குத் துணிவில்லை.

பெட்டியால அளக்கிற இடங்களில இந்தக் கணக்கு சறுக்கும். ஈர மணல் உப்பி நிக்கும், நைசு மணல் இன்னும் கூட உப்பும், அதால ஒரே பெட்டிக்குள்ள ஒருநாள் ஒரு நிறை, மழை பெய்ஞ்ச அடுத்தநாள் இன்னொரு நிறை. நான் காலமை ஒருதரம் பெட்டியை நிரப்பி நிறுத்துப்போட்டுத்தான் வேலை தொடங்குவன், தாச்சியில வறுக்கேக்க குறைஞ்ச நிறையை வச்சு ஈரத்தையும் கழிப்பன். 113 கிலோ மணல்ல 5 வீதம் ஈரம் எண்டாலே 5 லீற்றருக்கு மேல தண்ணி உள்ளுக்க வந்திட்டுது.

சல்லிக்கும் எஃப்எம் பாக்கலாம், ஆனா கீழ உள்ள சின்னத் தட்டு ஒவ்வொண்டுக்கும் 100 சேக்க மறக்கக் கூடாது. உண்மையில சல்லியில எனக்கு அந்த நம்பரை விட, 10 மிமீ தட்டில எவ்வளவு நிக்குது எண்டு பாக்கிறதுதான் உதவினது. எல்லாம் ஒரே முக்கால் இஞ்சியா வந்தா கொஞ்சம் அரை இஞ்சிச் சல்லி சேப்பன்.

இந்த நம்பர் சொல்லாத விசயங்களும் இருக்கு. ரெண்டு மணலுக்கு ஒரே எஃப்எம் இருந்தும் ஒண்டில நடு அளவு மணலே இல்லாமல் இருக்கலாம், அதால 0.6 தட்டில எவ்வளவு இறங்குது எண்டதையும் கொப்பியில எழுதி வைக்கிறன். களியையும் உப்பையும் அரிதட்டு காட்டாது. களிக்கு போத்தல்ல தண்ணி விட்டு குலுக்கி மேல படியிற படையைப் பாக்கிறன், கடலோரத்து மணல் எண்டா கம்பி துருப்பிடிக்கிற பயத்தில உப்புக்குத் தனியாச் சோதிக்காமல் எடுக்கிறேல்ல.

போன வருசம் ஒரே இடத்து மணலுக்கு எஃப்எம் மாதாமாதம் இறங்கிக்கொண்டு வந்தது. மணலைத்தான் சந்தேகப்பட்டன், பழைய கொப்பியோட ஒப்பிட்டா 0.3 தட்டில நிக்கிறது மட்டும் குறைஞ்சு 0.15ல கூடியிருக்கு, மற்றதெல்லாம் அப்பிடியே. தட்டை வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்தன், விளிம்பில வலை விட்டுப்போய் ஒரு நகம் போற அளவுக்கு இடைவெளி. இப்ப ஒரு நல்ல மணலை 500 கிராம் பைகளாக் கட்டி வச்சிருக்கிறன், ரெண்டு மாதத்துக்கு ஒருக்கா அதில ஒண்டை எடுத்து அரிச்சு தட்டுகளைச் சரிபாக்கிறன்.