கோடு ஒரு திரையில், கர்சர் இன்னொரு திரையில்: பேனா டிஸ்ப்ளேயோடு சில வருஷப் பழக்கம்

சிறுவர் கதைப் புத்தகங்களுக்கும் தீபாவளி, பொங்கல் வாழ்த்து அட்டைகளுக்கும் படம் வரைவது என் தொழில். சிங்கப்பூரில், ஈசூன் வீட்டில் ஒரு படுக்கையறையின் மூலையில்தான் என் மேசை. அதில் விண்டோஸ் லேப்டாப், பக்கத்தில் ஒரு சாதாரண மானிட்டர், முன்னால் சாய்த்து வைத்த பேனா டிஸ்ப்ளே, அதாவது திரைமேலேயே பேனாவால் வரையும் சாதனம். இந்தச் சாதனத்தில் நிறம் எப்படி, திரை எவ்வளவு பெரிது என்பதை எல்லாம் வாங்கும்போதே எல்லாரும் பார்த்துவிடுகிறார்கள். தினமும் வரைகிறவரைச் சோதிப்பவை வேறு இரண்டு: பேனா சரியான திரையோடு இணைந்திருக்கிறதா, கையின் அழுத்தத்துக்குக் கோடு ஒழுங்காகப் பதில் சொல்கிறதா. இந்த இரண்டும் சரியாக இருந்தால் சாதாரண விலை டிஸ்ப்ளேயிலும் நிம்மதியாக வேலை பார்க்கலாம்.

முதலில் திரை. பேனா டிஸ்ப்ளே என்பது ஒரே கண்ணாடிக்குள் இரண்டு சாதனங்கள். ஒன்று, ஹெச்டிஎம்ஐ அல்லது யூஎஸ்பி-சி வழியாகப் படம் வாங்கும் மானிட்டர். இன்னொன்று, யூஎஸ்பி வழியாகப் பேனா எங்கே இருக்கிறது என்று சொல்லும் டேப்லெட். இந்த இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பது கம்ப்யூட்டருக்குத் தானாகத் தெரியாது. பேனாவின் இடத்தை எந்தத் திரைமேல் பொருத்துவது என்று, சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரிடம் நாம்தான் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர்தான் மேப்பிங்.

போன மாதம் அக்கா மகள் போன் பண்ணினாள். பாலிடெக்னிக்கில் அனிமேஷன் படிக்கிறாள், புதிதாக பேனா டிஸ்ப்ளே வாங்கியிருந்தாள்.

"சித்தி, பேனாவ வச்ச இடத்துல கர்சர் வரமாட்டேங்குது. சாமான் கெட்டுப்போச்சா? கடையில திருப்பிக் கொடுத்துடவா?"

"இரும்மா. பேனாவ டிஸ்ப்ளேயோட வலது ஓரத்துல வை. கர்சர் எங்க இருக்கு?"

"அங்கதான் இருக்கு, சரியா."

"இப்ப நடுவுல வை."

"இடது ஓரத்துக்குப் போயிடுச்சு!"

"இன்னும் இடப்பக்கம் போ."

"லேப்டாப் ஸ்கிரீன்ல ஓடுது சித்தி."

இவ்வளவு போதும், என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டது. அவளுடைய லேப்டாப் இடப்பக்கம், 1920 புள்ளி அகலம். பேனா டிஸ்ப்ளே வலப்பக்கம், அதுவும் 1920. விண்டோஸுக்கு இரண்டும் சேர்ந்து 3840 அகலமுள்ள ஒரே மேசை. டிரைவர் பேனாவை அந்த முழு மேசைக்கும் பொருத்தியிருந்தது. அதனால் பேனா தன் கண்ணாடியின் நடுவில் இருக்கும்போது கர்சர் 3840-இன் நடுவில், அதாவது 1920-இல் நின்றது. அதுதான் பேனா டிஸ்ப்ளேயின் இடது ஓரம். வலது ஓரத்தில் மட்டும் இரண்டும் ஒன்று சேரும். இடப்பக்கம் போகப் போக விலகல் கூடும். பேனா ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் கர்சர் இரண்டு சென்டிமீட்டர் ஓடும்.

விலகல் எப்படி இருக்கிறது என்று பார்த்தாலே காரணத்தைப் பிடித்துவிடலாம். மேலே சொன்னதுபோல ஒரு ஓரத்தில் சரியாக இருந்து மறு ஓரத்தில் மிகவும் விலகினால், முழு மேசைக்கும் பொருந்தியிருக்கிறது. கர்சர் வேறு திரையில் மட்டுமே, ஆனால் அளவு சரியாக ஓடினால், தவறான மானிட்டரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவாக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி நின்றால் மேப்பிங்கில் கோளாறு இல்லை, பேனா நுனியையும் கர்சரையும் ஒன்றுசேர்க்கும் கலிபரேஷன் மட்டும் பாக்கி. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் கலிபரேஷனைத் திரும்பத் திரும்பச் செய்து சோர்ந்துபோகிறார்கள். முழு மேசைக்குப் பொருந்திய பேனாவை எந்தக் கலிபரேஷனாலும் திருத்த முடியாது.

அவளை நான் செய்யச் சொன்னது இந்த வரிசை. முதலில் விண்டோஸின் Display settings-ஐத் திறந்து, Identify அழுத்தி எந்தத் திரைக்கு எந்த எண் என்று பார்க்க வேண்டும். Extend நிலையில் வைத்து, திரைப் பெட்டிகளை மேசையில் உண்மையாக இருக்கும் மாதிரியே இழுத்து அடுக்கி Apply கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பேனாவின் டிரைவரைத் திறந்து, மேப்பிங் அல்லது வேலைப் பரப்பு என்று இருக்கும் பக்கத்தில் அந்த ஒரு மானிட்டரை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். கலிபரேஷன் கடைசியில். அதையும் வழக்கமாக உட்கார்ந்து வரையும் நிலையிலேயே செய்ய வேண்டும். கண்ணாடிக்கும் அடியிலுள்ள திரைக்கும் நடுவே சிறு இடைவெளி இருப்பதால், நின்றுகொண்டு குறிவைத்தால் உட்காரும்போது கோடு தள்ளித் தெரியும்.

டிரைவரில் எல்லாம் சரியாக இருந்தும் பேனா அடம்பிடித்தால், பேனாவுக்கான தன் சொந்த வசதியான விண்டோஸ் இங்க் வழியில் விண்டோஸே தனியாக ஒரு மேப்பிங் வைத்திருக்கக்கூடும். Control Panel-இல் Tablet PC Settings என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் Setup அழுத்தினால் ஒவ்வொரு திரையிலும் ஒரு வாசகம் வரும். வேறு திரையில் வந்தால் Enter தட்டித் தாண்டிவிட்டு, பேனா டிஸ்ப்ளேயில் வரும்போது பேனாவால் தொட வேண்டும். பலருக்குத் தெரியாத இடம் இது, என்னை நிறைய தடவை காப்பாற்றியிருக்கிறது.

ஒருமுறை சரிசெய்தால் போதுமா என்றால், போதாது. என் லேப்டாப்பை வாடிக்கையாளரைப் பார்க்கப் போகும்போது தூக்கிக்கொண்டு போவேன், சில நாள் வீட்டில் பையன் அதை டிவியில் மாட்டுவான். விண்டோஸ் எந்தெந்தத் திரைகள் சேர்ந்து மாட்டியிருக்கின்றன என்பதைப் பொறுத்து அடுக்கை நினைவில் வைக்கிறது. சேர்க்கை மாறினால் எண்ணும் அடுக்கும் மாறலாம், டிரைவர் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கலாம். அதனால் இரண்டு பழக்கம் வைத்திருக்கிறேன். கேபிள்கள் எப்போதும் அதே துளையில்தான் போகும், அடையாளத்துக்கு வண்ண நாடா ஒட்டியிருக்கிறேன். பேனா டிஸ்ப்ளேயை முதலில் போட்டு, படம் வந்த பிறகுதான் லேப்டாப்பில் உள்நுழைவேன். இதற்கு அப்புறம் மேப்பிங் கலைவது மிகவும் குறைந்துவிட்டது.

சரி, இப்போது அழுத்தம். பெட்டிமேல் 8192 நிலை என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். என் அனுபவத்தில் அந்த எண்ணைவிட, பேனா எவ்வளவு மெல்லிய தொடலுக்கு விழித்துக்கொள்கிறது என்பதும், நம் கை உண்மையில் எந்த அளவுக்குள் வேலை செய்கிறது என்பதும்தான் முக்கியம். இதை ஊகிக்க வேண்டியதில்லை, அளக்கலாம். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள் இலவசம். அதில் Settings, பிறகு Configure Krita, அதற்குள் Tablet settings பக்கத்தில் Open Tablet Tester என்று ஒரு பொத்தான் உண்டு. அந்தக் கட்டத்துக்குள் கோடு போட்டால் பக்கத்தில் ஒவ்வொரு தொடலுக்கும் வரிவரியாக விவரம் ஓடும். P= என்று வருவதுதான் அழுத்தம், விழுக்காட்டில்.

அந்த வரிகள் Stylus என்று தொடங்குகின்றனவா என்று முதலில் பாருங்கள். Mouse என்று தொடங்கினால் அழுத்தம் வந்து சேரவே இல்லை, கோடு எல்லாம் ஒரே தடிமனில்தான் விழும். பெரும்பாலும் டிரைவரும் மென்பொருளும் வெவ்வேறு மொழி பேசுவதுதான் காரணம். டிரைவரில் Windows Ink போட்டிருந்தால் கிரிட்டாவில் Windows 8+ Pointer Input இருக்க வேண்டும். அதை எடுத்துவிட்டால் WinTab என்ற இன்னொரு வழி. மாற்றிய பிறகு கிரிட்டாவை மூடித் திறக்க வேண்டும். முன்பு வேறு நிறுவனத்து டேப்லெட் வைத்திருந்தவர்கள் அந்தப் பழைய டிரைவரையும் நீக்கிவிடுவது நல்லது. இரண்டு டிரைவர் ஒன்றாக இருந்தால் இதே கோளாறு வரும்.

என் கை மெல்லிய கை. சோதித்துப் பார்த்தால் மயிரிழைக் கோட்டுக்கு 12 விழுக்காடு, வழக்கமான கோட்டுக்கு 35, நன்றாக அழுத்தினால் 65. அதற்கு மேல் போக மணிக்கட்டு வலிக்கும். ஆக, மேலே மூன்றில் ஒரு பங்கு எனக்குப் பயனே இல்லை. 20 புள்ளி தூரிகையில் என் சாதாரணக் கோடு 7 புள்ளிதான் வரும், முழுத் தடிமனை நான் பார்க்கவே முடியாது. அதனால் கை அழுத்தத்துக்கு எவ்வளவு தடிமன் என்று வகுக்கும் டிரைவரின் அழுத்த வளைவில், 65-இலேயே முழு அளவு கிடைக்கும்படி மேல் முனையை இழுத்துவைத்தேன். இப்போது 35 என்பது 54 ஆகிறது, சாதாரணக் கோடு கிட்டத்தட்ட 11 புள்ளி. 12 என்பது 18 ஆகிறது, மயிரிழை இன்னும் 4 புள்ளிக்குள்ளேயே நிற்கிறது.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. டிரைவரில் ஒரு அழுத்த வளைவு, மென்பொருளில் ஒன்று, ஒவ்வொரு தூரிகைக்கும் தனியாக ஒன்று. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். நான் டிரைவரில் செய்த அதே திருத்தத்தை மென்பொருளிலும் செய்தால் 54 என்பது 83 ஆகிவிடும். சாதாரணக் கோடே 17 புள்ளி, அழுத்த இடமே மிச்சம் இல்லை. அகல் விளக்கின் சுடர் வரையும்போது இது பளிச்சென்று தெரியும். அடியில் மெல்லிதாகத் தொடங்கி, வயிறு தடித்து, நுனியில் கூர்ந்து முடிய வேண்டிய கோடு, இரண்டு முனையும் மழுங்கி உருண்டையாக நிற்கும். ஆகவே ஒரே இடத்தில்தான் திருத்த வேண்டும். பல மென்பொருள் பயன்படுத்துகிறவர்கள் டிரைவரில் திருத்தி மற்றதை நேர்கோடாக விடலாம். ஒன்றே ஒன்றுதான் என்றால் டிரைவரை நேராக விட்டு மென்பொருளில் செய்யலாம். கிளிப் ஸ்டுடியோ என்ற ஓவிய மென்பொருளில் File பட்டியலில் Pen Pressure Settings இருக்கிறது. மெல்லிதாகவும் அழுத்தியும் கோடு போடச் சொல்லி அதுவே வளைவை வகுத்துத் தரும், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதுவே போதும்.

அக்கா மகள் கை நேர்மாறு. கல்வெட்டுபோல அழுத்துவாள், 50 விழுக்காட்டைத் தாண்டித்தான் அவள் கோடே தொடங்கும். அவளுக்கு வளைவின் நடுவைக் கீழே இறக்கினோம். என் வளைவை அப்படியே அவளுக்குக் கொடுத்திருந்தால் எல்லாக் கோடும் முழுத் தடிமனிலோ அதை ஒட்டியோ விழுந்திருக்கும். இணையத்தில் பகிரப்படும் 'சிறந்த' அழுத்த அமைப்புகளை நான் யாருக்கும் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

சில நாள் பேனா தொடாமலேயே கோடு விழும். பேனாவைக் கண்ணாடிக்கு மேலே தூக்கிப் பிடித்துச் சோதனைக் கட்டத்தைப் பாருங்கள். அப்போதும் P= பூஜ்யத்துக்கு மேல் காட்டினால் அமைப்புகளைத் தொட வேண்டாம், பேனாவின் முனையான நிப் உள்ளே சிக்கியிருக்கிறது. உருவி எடுத்து, துளையைத் தட்டித் தூசியை நீக்கி, மெதுவாகத் திரும்பச் செருகினால் பெரும்பாலும் தீரும். நிப் ஒரு பக்கம் தேய்ந்து சப்பையாகிவிட்டாலும் கோடு தொடங்குவது கரடுமுரடாகும், புதிது போட வேண்டும்.

டிரைவரைப் புதுப்பிக்கும் முன் அமைப்புகளை ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்கிறேன். அந்த வசதி இல்லாத டிரைவரில் வளைவை ஸ்கிரீன்ஷாட் எடுத்தாவது வைத்துக்கொள்ளலாம், புதுப்பித்ததும் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போவது நடக்கிற காரியம். இவ்வளவு செய்தும் மெதுவாகப் போடும் சாய்வுக் கோடு மட்டும் லேசாக நெளிந்தால், அது கண்ணாடிக்கு அடியிலுள்ள உணரியின் குணம். அழுத்த வளைவாலோ மேப்பிங்காலோ அதை மாற்ற முடியாது. மென்பொருளில் கோட்டை நிலைப்படுத்தும் வசதியைக் கொஞ்சம் கூட்டி வைக்கலாம், இல்லை கோட்டைச் சற்று வேகமாக இழுக்கலாம்.