மருத்துவமனை கணினி ஐந்து மணி நேரம் நிற்கப்போகிறது: மூன்று அறிவிப்புகள், எது வேலைக்கு ஆகும்?

150 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். பதிவு, பில், லேப், மருந்து எல்லாம் ஒரே மென்பொருளில் ஓடுகின்றன. அதன் டேட்டாபேஸைப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு ஒரு சனிக்கிழமை இரவில் மாற்ற வேண்டும். தரவை நகலெடுக்க இரண்டரை மணி நேரம், லேப் மெஷின்களோடு இணைத்துச் சரிபார்க்க ஒரு மணி நேரம் என்கிறார் மென்பொருள் நிறுவனத்துக்காரர். இடையில் ஏதாவது உதைத்தால் பழைய சர்வருக்கே திரும்ப இன்னும் ஒன்றரை மணி நேரம் வேண்டும்.

இதை எல்லா ஊழியர்களுக்கும் சொல்ல மூன்று வழிகளை ஒப்பிடுகிறேன். மூன்றுமே நடைமுறையில் பார்க்கக் கிடைப்பவைதான்.

முதல் வகை, ஐ.டி. துறை பாணி மின்னஞ்சல்:

> பொருள்: ஹெச்.ஐ.எஸ். டேட்டாபேஸ் சர்வர் மைக்ரேஷன் – திட்டமிட்ட பராமரிப்பு. செயல்திறனை மேம்படுத்தும் பொருட்டு சனிக்கிழமை இரவு 12 மணி முதல் சுமார் 3 மணி நேரம் ஹெச்.ஐ.எஸ்., எல்.ஐ.எஸ். மற்றும் தொடர்புடைய இன்டர்ஃபேஸ்கள் கிடைக்காது. அனைத்துத் துறைகளும் தேவையான மாற்று ஏற்பாடுகளைச் செய்துகொள்ளவும். சிரமத்துக்கு வருந்துகிறோம்.

இரண்டாம் வகை, வாட்ஸ்அப் குழுவில் வரும் இரண்டு வரி:

> சனி நைட் சிஸ்டம் இருக்காது. எல்லாம் பேப்பரில் எழுதவும். டவுட் இருந்தால் ஐ.டி.க்குக் கூப்பிடவும்.

மூன்றாவது, ஒரு பக்கத் தாள்:

> சனி 14ஆம் தேதி இரவு 11:30 முதல் ஞாயிறு 15ஆம் தேதி விடியற்காலை 4:30 வரை மருத்துவமனை மென்பொருள் இயங்காது. 3 மணிக்கே திறந்தாலும் திறக்கலாம். அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.
>
> நடக்காதவை: புதுப் பதிவு, அட்மிஷன், பில், லேப் ஆர்டர், ரிசல்ட் பார்ப்பது, மருந்து இண்டெண்ட், நோயாளியின் பழைய ரெக்கார்டு.
>
> வழக்கம்போல் நடப்பவை: இன்டர்காம், லேப் மெஷின்கள், எக்ஸ்ரே மற்றும் சி.டி. (படத்தை அந்த அறையின் திரையில் மட்டும் பார்க்கலாம்), கார்டு மற்றும் யு.பி.ஐ. கருவிகள்.
>
> இரவு 10:45க்கு ஒவ்வொரு வார்டும் நோயாளி பட்டியலையும் மருந்து அட்டவணையையும் அச்செடுக்கவும். 11:15க்குள் சேமித்துவிட்டு வெளியேறவும், சேமிக்காதது போய்விடும்.
>
> 11:30 முதல் உங்கள் துறையின் நீல அட்டைப்படி வேலை செய்யவும். 3:15க்கு ஒவ்வொரு வார்டுக்கும் போனில் நிலவரம் சொல்லப்படும். திறந்துவிட்டது என்று ஐ.டி. அழைத்துச் சொல்லும்வரை உள்ளே நுழைய வேண்டாம்.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். "சனிக்கிழமை இரவு 12 மணி" என்றால் வெள்ளி முடிந்து சனி பிறக்கும் 12 மணியா, சனி முடிந்து ஞாயிறு பிறக்கும் 12 மணியா? பத்துப் பேரைக் கேட்டால் இரண்டு பதிலும் வரும். நைட் ட்யூட்டி பார்ப்பவர்களுக்கு இது விளையாட்டு இல்லை; ஒரு நாள் தவறினால் அச்செடுத்த பட்டியல் ஒரு நாள் பழையதாகிவிடும். தேதியையும் கிழமையையும் சேர்த்து எழுதி, 12 மணியைத் தொடாமல் 11:30 என்று தொடங்குவதே வழி. வாட்ஸ்அப் வரியில் மணியே இல்லை. அதைப் பார்த்த கேஷுவல்டி கிளார்க் எட்டு மணிக்கே நோட்டை எடுத்தாலும் அவரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்தது கால அளவு. "சுமார் 3 மணி நேரம்" என்பது எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஆகும் நேரம். அதுவும் மூன்றரையைச் சுருக்கியது. பழைய சர்வருக்குத் திரும்ப ஆகும் ஒன்றரை மணி நேரம் அதில் இல்லை. ஐ.டி.க்காரர்கள் இதை ஏமாற்றவேண்டும் என்று செய்வதில்லை. ஐந்து மணி நேரம் என்றால் மேலிடம் அனுமதிக்காது என்ற பயம்தான். ஆனால் வார்டு சிஸ்டருக்குத் தேவைப்படுவது கடைசி எல்லை. மூன்று மணி நேரம் என்று நம்பினால் 2:45க்கு வரவேண்டிய ரத்தப் பரிசோதனையைக் "கொஞ்சம் பொறுத்து கம்ப்யூட்டரிலேயே போட்டுக்கலாம்" என்று தள்ளிவைப்பார். 4:30 என்று தெரிந்தால் உடனே தாளில் எழுதி அனுப்பிவிடுவார்.

மூன்றாவது தாளில் 4:30 எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்கலாம். 11:30க்குத் தொடக்கம், 2 மணிக்கு நகல் முடிவு, 3 மணிக்குச் சோதனை முடிவு. 3 மணி என்பது முடிவெடுக்கும் நேரம். அப்போது சோதனை தேறாவிட்டால் இன்னொரு முயற்சி கிடையாது, பழைய சர்வருக்குத் திரும்ப வேண்டியதுதான். அது 4:30க்கு முடியும். எந்தப் பக்கம் போனாலும் 4:30க்குள் ஏதாவது ஒரு சர்வர் எழுந்து நிற்கும். 3:15க்கு நிலவரம் சொல்கிறோம் என்ற வாக்கு அதனால்தான். வேலை செய்பவர்கள் "இன்னும் பத்து நிமிஷம்" என்று இழுத்துக்கொண்டே போவதற்கும் அது ஒரு கடிவாளம். 3:15க்குப் போன் வரவில்லை என்றால் உள்ளே ஏதோ சரியில்லை என்று வார்டுகளே புரிந்துகொள்ளும்.

பாதிப்பைச் சொல்வதில் முதல் வகை மொத்தமாகக் கவிழ்கிறது. ஹெச்.ஐ.எஸ். என்றால் மருத்துவமனை மென்பொருள், எல்.ஐ.எஸ். என்றால் லேப் மென்பொருள் என்பது லேப்காரருக்குத் தெரியும். மகப்பேறு வார்டில் புதிதாகச் சேர்ந்த நர்ஸுக்குத் தெரிந்தது "ரிசல்ட் பார்க்கிற ஸ்கிரீன்" மட்டும். பாதிப்பைச் செய்யும் வேலையின் பெயரால் எழுத வேண்டும். அதைவிடப் பலர் விட்டுவிடுவது, எது நின்றுபோகாது என்ற பட்டியல். கார்டு கருவி தனியாக ஓடும் என்று தெரியாத பில்லிங் ஊழியர், சிஸ்டம் இல்லை என்றதும் நோயாளியின் உறவினரை நள்ளிரவில் ஏ.டி.எம். தேட அனுப்புவார். சி.டி. ஸ்கேன் எடுக்க முடியும், படம் வார்டுக்கு வராது, மருத்துவர் கீழே இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதை முன்னாலேயே சொல்லிவிட்டால் விபத்துக் கேஸ் வரும்போது பத்து நிமிடம் மிச்சமாகும்.

சரி, மாற்று வழிக்கு வருவோம். மூன்றுக்கும் உண்மையான வித்தியாசம் இங்கேதான். "மாற்று ஏற்பாடுகளைச் செய்துகொள்ளவும்" என்பதும் "எல்லாம் பேப்பரில் எழுதவும்" என்பதும் ஒரே ரகம். பிரச்சினையைப் படிப்பவர் தலையில் கட்டுவது. எந்தப் பேப்பரில், என்ன எண் போட்டு எழுதுவது?

இரவு ஒரு மணிக்கு நெஞ்சுவலியோடு ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் இல்லாததால் அவருக்குப் பதிவு எண் கிடையாது. மாரடைப்பா என்று அறிய ட்ரோபோனின் பார்க்க ரத்தம் எடுக்கிறார்கள். மற்ற நாளில் மென்பொருள் பார்கோடு லேபிள் அச்சிடும், லேப் மெஷின் அதைப் படித்துக்கொள்ளும். இன்று குப்பியில் என்ன எழுதுவது? பெயரை மட்டும் எழுதினால் அதே இரவில் இரண்டு முருகேசன் வரமாட்டார்கள் என்று யார் உறுதி தருவது? பெயரோடு இன்னொரு அடையாளமும் வேண்டும் என்பது மருத்துவமனைகளின் பொதுவான விதி. அந்த இரண்டாவது அடையாளத்தைத்தான் நிறுத்தம் பறித்துவிடுகிறது.

மூன்றாவது தாள் சொல்லும் நீல அட்டை என்பது, மென்பொருள் நிற்கும்போது அந்தத் துறை என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்த அட்டை. கேஷுவல்டியின் நீல அட்டை இதற்குப் பதில் சொல்கிறது: கே-1 முதல் கே-60 வரை முன்கூட்டியே அச்சிட்ட தற்காலிக எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒட்டும் லேபிள்கள் ஒரு கட்டு. ஒன்று கையில் கட்டும் பட்டையில், ஒன்று குப்பியில், ஒன்று பரிசோதனைத் தாளில், ஒன்று கேஸ் ஷீட்டில். லேப் டெக்னீஷியன் கே-7 என்று மெஷினில் கையால் தட்டி, ரிசல்ட்டை மெஷினிலிருந்தே அச்செடுத்து அனுப்புவார். அவசர மதிப்பு என்றால் போனில் சொல்வார், கேட்டவர் திரும்பப் படித்துக் காட்டுவார். பழைய ரெக்கார்டு தெரியாது என்பதால் மருந்து ஒவ்வாமை உண்டா என்று நோயாளியிடமோ உடன் வந்தவரிடமோ கேட்டு எழுத வேண்டும் என்ற வரியும் அட்டையில் இருக்கிறது. எனக்குத் தெரிந்து இந்த வரிதான் பெரும்பாலும் விடுபடும்.

எத்தனை படிவம் வைப்பது என்பதற்கு மின்னணு மருத்துவப் பதிவுகளைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த அமெரிக்க அரசு வெளியிட்ட சேஃபர் வழிகாட்டி ஒரு கணக்குத் தருகிறது: உள்நோயாளி வார்டை எட்டு மணி நேரமாவது நடத்தப் போதுமான தாள். ஐந்து மணி நேர நிறுத்தத்துக்கும் அந்த அளவு வைப்பது நல்லது.

மூன்றாவது தாள் மாற்று வழியை உள்ளே எழுதாமல் அட்டையைக் கைகாட்டிவிடுகிறது. இது சோம்பேறித்தனம் போலத் தோன்றும். துறைக்கு ஒரு அறிவிப்பு எழுதினால் என்ன என்று கேட்கலாம். நானும் அந்த முறையை ஒதுக்கிவிடமாட்டேன், படிப்பவருக்கு அதுதான் சுகம். சிக்கல், நேரம் மாறும்போது. தொடக்க நேரம் 11:30 இல்லை, 12:30 என்று வெள்ளிக்கிழமை மாலையில் மாறினால் எல்லாத் துறைத் தாள்களையும் திருத்த வேண்டும். பார்மசியில் ஒட்டிய பழைய தாள் அப்படியே இருக்கும். நேரம் ஒரே தாளில், செய்முறை அட்டையில் என்று பிரித்துவிட்டால் அட்டையில் மணியே வராது, "நிறுத்தம் தொடங்கியதும்" என்றுதான் இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் சர்வர் விழும் நாளிலும் அதே அட்டை உதவும்.

வாட்ஸ்அப் வரிக்கும் இடம் உண்டு, நினைவூட்டலாக. ஒரு வாரம் முன்பும் முந்தைய நாளும் தாள் போக வேண்டும். சனி இரவு 10:30க்கு "10:45க்குப் பட்டியல் அச்செடுங்கள்" என்று ஒரே வேலையைச் சொல்லும் வரி போதும். மாலையிலேயே அச்செடுத்தால் இரவு ரவுண்ட்ஸில் மாற்றிய மருந்து அதில் இருக்காது. முதல் வகை மின்னஞ்சலை மென்பொருள் நிறுவனத்துக்கும் ஐ.டி. குழுவுக்கும் அனுப்பலாம். ஊழியர்களுக்கு வேண்டாம்.

மூன்றாவது தாளிலும் ஒரு குறை இருக்கிறது. திறந்த பிறகு என்ன செய்வது என்பதில் அது பாதியில் நின்றுவிடுகிறது. தாளில் எழுதியதையெல்லாம் மென்பொருளில் ஏற்ற ஒரு வரிசை உண்டு: முதலில் பதிவும் அட்மிஷனும், அப்புறம் ஆர்டர்கள், பிறகு ரிசல்ட், கடைசியில் பில். பில்லிங்காரர் அவசரத்தில் முந்திக்கொண்டு கே-7 நோயாளிக்குப் புது எண் போட்டுவிட்டால், அவர் மூன்று வருடம் முன்பு வந்துபோன பழைய எண் தனியாக நிற்கும். ஒரே ஆளுக்கு இரண்டு ரெக்கார்டு, ஒவ்வாமைக் குறிப்பு ஒன்றில், இன்றைய சிகிச்சை இன்னொன்றில். ஆகவே தாளின் கடைசியில் மூன்று வரி சேர்ப்பேன்: "பதிவு கவுன்ட்டர் பெயரையும் போன் எண்ணையும் போட்டுப் பழைய எண்ணைத் தேடி, கே எண்ணுக்கு எதிரே எழுதித் தரும்வரை வேறு யாரும் எதையும் ஏற்ற வேண்டாம். ஞாயிறு காலை 10 மணிக்குள் எல்லா கே எண்களுக்கும் கணக்கு வர வேண்டும். பயன்படுத்தாத லேபிள்களையும் எண்ணித் திருப்பித் தரவும்."