"மீதி விரைவில் வரும்" என்று மெசேஜ் வந்தால் உஷார்

பொருள் வைக்க பத்து இரும்பு ரேக் ஆர்டர் செய்திருந்தேன். ஒரு ரேக்குக்கு 4 கால், 5 தட்டு, 40 போல்ட். அனுப்பும் நாளன்று ஒரு மெசேஜ்: "உங்கள் ஆர்டர் பகுதிகளாக அனுப்பப்படுகிறது. மீதி விரைவில் வந்து சேரும்." அவ்வளவுதான். எது வருகிறது, எது நிற்கிறது, ஏன் என்று ஒரு வரி இல்லை. சரி, பாதி ரேக்காவது கைக்கு வருமே என்று நானும் விட்டுவிட்டேன்.

வண்டியில் 40 கால்களும் வந்தன. தட்டு இருபதுதான். நாலு ரேக் மாட்டலாம் என்று பெட்டிகளைப் பிரித்துத் தேடினால் போல்ட் ஒன்றுகூட இல்லை. ஆக, மாட்ட முடிந்த ரேக் பூஜ்யம். நாலு ரேக்குக்கான எல்லாப் பாகங்களையும் சேர்த்து முதலில் அனுப்பியிருந்தால் நான் வேலையைத் தொடங்கியிருப்பேன். அவர்களோ கையிருப்பில் எது இருந்ததோ அதை அள்ளி ஏற்றிவிட்டார்கள்.

டெலிவரி ரசீதில் நான் எதுவும் எழுதாமல் கையெழுத்துப் போட்டது பெரிய தப்பு. அவர்கள் சிஸ்டத்தில் மொத்த ஆர்டரும் "டெலிவரி ஆனது" என்று மாறிவிட்டது. பத்து ரேக்குக்கும் சேர்த்து ஒரே பில். பணம் கட்ட வேண்டிய 30 நாள் கெடுவும் அன்றிலிருந்தே ஓடியது. திருப்பி அனுப்புவதற்கான 7 நாளும் அப்படித்தான். வராத போல்ட்டை எப்படித் திருப்பி அனுப்புவது என்று கேட்டேன், பதில் இல்லை.

மீதி எப்போது என்று கேட்டதற்கு 18-ஆம் தேதி என்றார்கள். 18-ஆம் தேதி போன் செய்தால், "இன்றைக்குத்தான் எங்கள் குடோனுக்கு வருகிறது சார்" என்கிறார்கள். அப்புறம்தான் புரிந்தது. அவர்கள் சொன்னது ஃபேக்டரியிலிருந்து அவர்களுக்குச் சரக்கு வரும் தேதி. அங்கிருந்து எனக்கு அனுப்பும் தேதி வேறு, என் வாசலுக்கு வரும் தேதி அதற்கும் அப்பால். மூன்றையும் ஒரே தேதியாகச் சொல்லி இரண்டு வாரம் இழுத்தார்கள். கடைசியில் மீதி வந்தபோது இரண்டாவது வண்டி வாடகையும் என் தலையில். பிரித்து அனுப்பச் சொன்னது நானா?

இப்போதெல்லாம் இப்படி மெசேஜ் வந்தால், வண்டி கிளம்பும் முன்பே எழுத்தில் பதில் கேட்கிறேன். ஒவ்வொரு பொருளுக்கும் ஆர்டர் எத்தனை, இப்போது எத்தனை, பாக்கி எத்தனை. பாக்கி என் கைக்கு வரும் தேதி என்ன. அது தவறினால் பாக்கியை மட்டும் ரத்து செய்யலாமா. இரண்டாவது வாடகை யாருடையது. அனுப்பிய சரக்குக்கு மட்டும் தனி பில் தருவார்களா. பதில் வராவிட்டால், "எல்லாம் சேர்ந்த பிறகு ஒன்றாக அனுப்புங்கள்" என்று எழுதிவிடுகிறேன்.

ரசீதில் கையெழுத்துக்கு மேலே "தட்டு 20 மட்டும், போல்ட் வரவில்லை" என்று எழுதி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவர் அவசரப்படுத்துவார். நிற்கட்டும்.