தட்டினால் படிக்கும் ஸ்டிக்கரும் என்எஃப்சி இல்லாத போனும்: இரண்டு வருட அனுபவம்

திருச்சியில் ஏசி சர்வீஸ் செய்யும் நண்பன் போன வாரம் கேட்டான்: “மாப்ளே, நீ ஆர்ஓ மெஷின்ல ஒட்டுற என்எஃப்சி ஸ்டிக்கர் எப்படிடா இருக்கு? நானும் ஒரு இருநூறு வாங்கலாமான்னு பாக்குறேன்.” வாட்சப்பில் ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு வருடக் கடுப்பு மொத்தமும் வெளியே வந்துவிட்டது. அதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே போடுகிறேன்.

மதுரையில் வீட்டு ஆர்ஓ மெஷின்களுக்கு சர்வீஸ் செய்கிறேன். நான்கு பையன்கள் வேலைக்கு இருக்கிறார்கள். ஒவ்வொரு மெஷினின் முன்மூடிக்கு உட்புறமும் என்டேக் 213 என்ற என்எஃப்சி ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும், அதாவது போனைக் கிட்டே வைத்தால் கம்பியில்லாமல் படிக்கும் சின்ன சிப். பையன் போய் மூடியைக் கழற்றி, போனை ஸ்டிக்கரில் வைத்தால் அந்த மெஷினின் கதை திறக்கும்: உப்பை வடிகட்டும் மெம்பிரேன் எப்போது மாற்றியது, போன தடவை டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு எவ்வளவு, பாக்கி உண்டா. ஆப்பை எழுதிக் கொடுத்தது என் அக்கா மகன்.

ஸ்டிக்கரைக் குறை சொல்ல முடியாது. அதற்கு பேட்டரி கிடையாது, போனின் காந்தப் புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. ஈரத்தில் ஓரம் உரிந்தவை சில உண்டு, ஆனால் தானாகச் செத்துப்போனது என்று ஒன்றுகூட இல்லை. ஒரு விஷயம் மட்டும்: இரும்பு, எவர்சில்வர் பரப்பில் நேராக ஒட்டினால் படிக்காது. உலோகம் அந்தப் புலத்தையே அடித்துவிடும். இடையில் ஒரு சென்டிமீட்டர் அட்டை வைத்துப் பாருங்கள், உடனே படிக்கும். ஸ்டிக்கர் கெட்டதா, இடம் கெட்டதா என்று இப்படித்தான் கண்டுபிடிக்கிறோம். ஹோட்டல்களில் இருக்கும் எவர்சில்வர் பாடி மெஷின்களுக்கு, அடியில் ஃபெரைட் தாள் வைத்த ஸ்டிக்கர் தனியாகக் கிடைக்கிறது. விலை கூட. (பைக் ஸ்டாண்டுக்காக போன் கவருக்குள் இரும்புத் தகடு வைத்திருந்த பையன் ஒருவன், ஸ்டிக்கர் சரியில்லை என்று ஒரு வாரம் சண்டை போட்டான். அவனுக்கும் இதே பதில்தான்.)

என் கடுப்பெல்லாம் போன்களின் மேல். நான்கு பையன்களில் இரண்டு பேர் போனில் என்எஃப்சியே கிடையாது. பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிய போனில் அதை எதிர்பார்க்க முடியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரே மாடலை வெளிநாட்டில் என்எஃப்சியோடு விற்பார்கள், இங்கே அது இல்லாமல் விற்பார்கள். பெட்டியைப் பார்த்து நம்ப முடியாது. செட்டிங்ஸில் தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

முதல் நாளே அடி விழுந்தது. அந்த இரண்டு பேருக்கும் பிளே ஸ்டோரில் ஆப்பே வரவில்லை. பெயரைத் தப்பாக அடிக்கிறான்கள் என்று நானே வாங்கி அடித்தேன், எனக்கும் வரவில்லை. அக்கா மகனைக் கேட்டால், ஆப்புக்கு என்னென்ன தேவை என்று சொல்லும் மானிஃபெஸ்ட் கோப்பில், என்எஃப்சி வேண்டும் என்று எழுதியிருந்தானாம். ‘கட்டாயமில்லை’ என்று தனியாகச் சொல்லாவிட்டால் அதைக் கட்டாயம் என்றே எடுத்துக்கொண்டு, என்எஃப்சி இல்லாத போன்களுக்கு ஸ்டோர் ஆப்பையே மறைத்துவிடுமாம். இந்த ஒரு வரியைத்தான் மாற்றினான்:

```xml
<uses-feature android:name="android.hardware.nfc" android:required="false" />
```

ஆப் வந்தது. அதோடு அடுத்த கூத்தும் வந்தது. “போனை ஸ்டிக்கரில் வைக்கவும்” என்ற படம் எல்லார் போனிலும் ஒரே மாதிரி ஓடும். என்எஃப்சியே இல்லாத பையன், மெஷினில் போனைத் தேய்த்துக்கொண்டே நிற்பான். வீட்டுக்கார அம்மா, “தம்பி, என்ன பண்றீங்க?” என்று கேட்டிருக்கிறார். என்எஃப்சி இல்லை என்பது வேறு, இருந்தும் அணைத்து வைத்திருப்பது வேறு. ஆப் இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும். `NfcAdapter.getDefaultAdapter(context)` வெறும் `null` கொடுத்தால் அந்த போனில் அது இல்லை, அந்தப் படத்தையே காட்டக் கூடாது. `isEnabled` பொய் என்று வந்தால் அணைந்திருக்கிறது, செட்டிங்ஸுக்குக் கூட்டிப் போக வேண்டும். இதைச் சேர்க்க அவனுக்கு ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. நான் சொல்லிச் சொல்லி அந்தச் சாயங்காலம் வர நான்கு மாதம்.

அதற்குள் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறாதது. முதல் ஆப்பில் மெஷினின் அடையாளமே ஸ்டிக்கரின் யூஐடிதான். ஆலையிலேயே பதித்து வரும் ஏழு பைட் எண் அது, கண்ணுக்குத் தெரியாது, வாயால் சொல்லவும் முடியாது. என்எஃப்சி இல்லாத பையன் என்ன செய்வான்? வாடிக்கையாளர் பெயரை அடித்துத் தேடுவான். ஒரே தெருவில் இரண்டு முருகேசன். ஒருவர் வீட்டில் மெம்பிரேன் மாற்றிவிட்டு, இன்னொருவர் கணக்கில் ஏற்றிவிட்டான்.

இரண்டு மாதம் கழித்து அந்த இன்னொரு முருகேசன், தண்ணீர் கரிக்கிறது என்று கூப்பிட்டார். நானே போனேன். உள்ளே வரும் தண்ணீரின் டிடிஎஸ் 900, வெளியே வருவது 210. புது மெம்பிரேன் என்றால் ஐம்பது, அறுபதில் நிற்க வேண்டும். ஆப்பைப் பார்த்தால், மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது என்கிறது. மட்டமான மெம்பிரேன் தள்ளிவிட்டான் என்று சரக்குக் கடைக்காரரிடம் கத்தினேன், பையனையும் திட்டினேன். அப்புறம் கூட்டைத் திறந்து பார்த்தால், மெம்பிரேன் பழுப்பேறிக் கிடக்கிறது. மூன்று வருடமாவது இருக்கும். பையன் வேலை செய்தது எதிர்வீட்டில். கடைக்காரர் இன்னமும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

அதற்குப் பிறகுதான் அமைப்பையே மாற்றினோம். இப்போது ஒவ்வொரு மெஷினுக்கும் நாங்களே கொடுத்த நான்கு இலக்க எண் உண்டு. அந்த எண் இருக்கும் லிங்கையே ஸ்டிக்கருக்குள் எழுதுகிறோம். 144 பைட் இடத்தில் தாராளமாக அடங்குகிறது. அதே லிங்க் ஸ்டிக்கரின் மேல் க்யூஆராக அச்சாகிறது, அதன் கீழே எண் பெரிய எழுத்தில். என்எஃப்சி இருந்தால் தட்டு, இல்லையென்றால் கேமராவைக் காட்டு, அதுவும் படிக்கவில்லையா, 0417 என்று அடி. மூன்றும் ஒரே பக்கத்தில்தான் போய் நிற்கும். ஸ்டிக்கர் கிழிந்தால், புதிதில் அதே எண்ணை எழுதி ஒட்டினால் முடிந்தது. யூஐடி காலத்தில் ஸ்டிக்கர் மாற்றினால் மெஷினே புது மெஷின் ஆகிவிடும். பெயர்த் தேடலை அக்கா மகன் எடுத்தே விட்டான்.

ஆக, க்யூஆர் மட்டுமே போதுமே, என்எஃப்சி எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நண்பனிடமும் அதைத்தான் சொன்னேன்: “வாங்காதடா. ஒரு ரூபாய்க்கு க்யூஆர் அச்சடிச்சு ஒட்டு. உன் பசங்க போன்ல பாதிக்கு அது இருக்காது.” ஏசியின் வெளி யூனிட் எல்லாம் தகரம் வேறு.

சொன்னது என்னவோ சரிதான். ஆனால் போன மாதம் ஒரு வீட்டில், சிங்க் அடியில் மெஷின். மின்சாரம் போயிருந்தது. ஒரு கையில் ஃபில்டர் கூடு, மூடியில் கார்பன் கறை, க்யூஆர் பாதி கறுப்பு. என் போன் கேமரா கிட்டத்தில் ஃபோகஸ் ஆகாமல் மங்கலாக அலைந்தது. எண்ணைப் படிக்கக் குனிந்தால் கண்ணாடி நழுவுகிறது. போனை அப்படியே இருட்டுக்குள் நீட்டினேன். டிக் என்றது. பக்கம் திறந்துவிட்டது, பாக்கி 350 ரூபாய் என்பது உட்பட.

புது ஸ்டிக்கர் முந்நூறுக்கு நேற்று பணம் கட்டிவிட்டேன். நண்பனிடம் இன்னும் சொல்லவில்லை.