பழைய எழுத்தை நீக்க எந்தத் தேர்வு முறை?

ஃபோட்டோஷாப்பில் எழுத்தை நீக்கிய பிறகும் அதன் வெளிக்கோடு மங்கலாகத் தெரிந்தால், குறை பெரும்பாலும் தேர்வில்தான் இருக்கிறது. எழுத்தின் ஓரத்தில் எழுத்தின் நிறமும் பின்னணி நிறமும் கலந்த பிக்சல்கள் உள்ளன. தேர்வுக்கு வெளியே நின்றுவிடுபவை அவையே. நீல வானத்தின் மீதும் கரிய மரக்கிளையின் மீதும் கறுப்பு எழுத்து ஓடுகிறது என்று கொண்டு, மேஜிக் வாண்ட், கலர் ரேஞ்ச், குயிக் மாஸ்க்கில் தூரிகை ஆகிய மூன்று தேர்வு முறைகளை ஒப்பிடுவோம்.

வேகம்: மேஜிக் வாண்டுக்கு ஒரு சொடுக்குப் போதும், ஆனால் Contiguous குறியை எடுத்தால்தான் எல்லா எழுத்துகளும் சேரும். கலர் ரேஞ்சில் Fuzziness அளவைச் சரிபார்க்க வேண்டும். தூரிகை மிக மெதுவானது.

ஓரம்: வாண்ட், Tolerance எல்லையோடு நின்றுவிடுகிறது. கலர் ரேஞ்ச் கலப்புப் பிக்சல்களைப் பகுதியளவு சேர்க்கிறது. பகுதியளவு தேர்வானவை பகுதியளவே மாறுவதால் நிழல் தங்கிவிடும். ஆகவே இரண்டிலும் Select > Modify > Expand வழியே 2 அல்லது 3 பிக்சல் விரித்த பிறகே Content-Aware Fill செய்ய வேண்டும். அழுத்திச் சுருக்கப்பட்ட ஜேபெக் படத்தில் எழுத்தைச் சுற்றிக் கறை பரவியிருக்கும் என்பதால், இன்னும் சற்று விரிப்பது நல்லது.

வானத்தின் மீதுள்ள பகுதிக்கு நான் கலர் ரேஞ்சையே தேர்வேன். முதலில் லாசோவால் அந்த வரியைச் சுற்றி வளைத்துவிட்டால், அது கிளையைத் தொடாது. தட்டையான ஒரே நிறப் பின்னணிக்கு வாண்டே போதுமானது. கிளையின் மீதுள்ள எழுத்தை நிறத்தால் பிரிக்கவே முடியாது. அங்கே Q விசையை அழுத்தி, குயிக் மாஸ்க்கில் கையால் தீட்டுவதே வழி.